லேப்டாப் ஃபைல்களை ரான்சம்வேர் பூட்டிவிட்டதா? செய்ய வேண்டியதும் தொடக்கூடாததும்

ஒரு நாள் இரவு, போட்டோ எடிட்டிங் மென்பொருள் ஒன்றின் கிராக் செய்த பதிப்பை இறக்கி லேப்டாப்பில் நிறுவினேன். விண்டோஸ் அப்டேட் போலவே ஒரு சாளரம் வந்து சதவீதக் கணக்கோடு ஓடியது. அப்டேட்தானே என்று விட்டுவிட்டேன். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் எந்தப் படமும் திறக்கவில்லை. ஒவ்வொரு ஃபைலின் பெயருக்குப் பின்னாலும் நான்கு எழுத்தில் புதிதாக ஒரு வால் ஒட்டியிருந்தது. ஒவ்வொரு ஃபோல்டரிலும் `_readme.txt` என்று ஒரு குறிப்பு. அதில் 980 டாலர் கேட்டிருந்தார்கள்; 72 மணி நேரத்துக்குள் தொடர்பு கொண்டால் பாதி விலை, 490 டாலர்.

அன்று இரவு நான் செய்ததைவிட மறுநாள் காலையில் செய்ததுதான் பெரிய தவறு. பேக்கப் வைத்திருந்த வெளி ஹார்ட் டிஸ்க்கை, அதிலிருந்து ஃபைல்களை எடுத்துக்கொள்ளலாம் என்று அதே லேப்டாப்பில் செருகினேன். சில நிமிடங்களில் அதிலிருந்த ஃபைல்களுக்கும் அதே வால் ஒட்டிக்கொண்டது. லேப்டாப்பில் இருந்தவை பிறகு எனக்குத் திரும்பக் கிடைத்தன. பேக்கப்பில் இருந்தவை இன்று வரை கிடைக்கவில்லை. இரண்டுக்கும் ஏன் இந்த வித்தியாசம் என்பதை 6-வது படியில் சொல்கிறேன்.

என்னைத் தாக்கியது STOP/Djvu என்ற குடும்பம். தனிநபர் விண்டோஸ் கணினிகளைப் பெருமளவில் தாக்கிய ரான்சம்வேர் இது. கிராக், கீஜென் வழியாகத்தான் பெரும்பாலும் வரும். இந்தக் கட்டுரையை அதை வைத்தே எழுதுகிறேன். உங்களுடையது வேறு குடும்பமாக இருந்தாலும் முதல் ஐந்து படிகள் பெரும்பாலும் பொருந்தும்.

## 1. முதல் ஐந்து நிமிடம்: எல்லாத் தொடர்பையும் துண்டியுங்கள்

வைஃபையை அணையுங்கள், நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள். பென் டிரைவ், வெளி ஹார்ட் டிஸ்க், சார்ஜுக்காகச் செருகியிருக்கும் போன், மெமரி கார்டு எதுவாக இருந்தாலும் கழற்றுங்கள். வீட்டில் வேறு கணினிகளோடு ஃபோல்டர்களைப் பகிர்ந்திருந்தால் அவற்றையும் நெட்வொர்க்கிலிருந்து விலக்கிவிடுங்கள்.

அடுத்து எல்லாரும் கேட்கும் கேள்வி: லேப்டாப்பை அணைப்பதா வேண்டாமா? இதற்கு ஒரே பதில் கிடையாது. ஒரு ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். கண்ணெதிரே ஃபைல் பெயர்கள் இன்னும் மாறிக்கொண்டிருந்தால் பூட்டும் வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அப்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து உடனே அணைத்துவிடுங்கள். மிச்சமிருக்கும் ஃபைல்களாவது தப்பும். எல்லாமே பூட்டப்பட்டு அமைதியாகிவிட்டது என்றால் அவசரப்பட்டு அணைக்க வேண்டாம். சில ரான்சம்வேர்களில் திறவுகோலின் தடயம் நினைவகத்தில் மிச்சமிருப்பதுண்டு. 2017-ல் வானாக்ரை என்ற ரான்சம்வேர் தாக்கியபோது, ரீஸ்டார்ட் செய்யாத சில பழைய விண்டோஸ் கணினிகளில் அப்படித்தான் திறவுகோலை மீட்டார்கள். ஆனால் அது அபூர்வம். STOP/Djvu-வில் அந்த வழிக்கு வாய்ப்பில்லை. தனிநபர் லேப்டாப்பில் இந்தச் சின்ன வாய்ப்பை நம்பி, இன்னும் பூட்டாத ஃபைல்களைப் பலி கொடுப்பது சரியில்லை என்பது என் கருத்து.

இதோடு முடிந்தது என்று நினைத்து லேப்டாப்பைச் சாதாரணமாகப் பயன்படுத்தத் தொடங்கிவிடாதீர்கள். STOP/Djvu விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் `Time Trigger Task` என்ற பெயரில் ஒரு வேலையைப் பதிந்துவைக்கிறது. சில நிமிடங்களுக்கு ஒரு முறை அது மறுபடி ஓடி, புதிதாக வந்த ஃபைல்களையும் பூட்டும். என் பேக்கப் டிஸ்க் போனது இதனால்தான்.

இது அலுவலகம் கொடுத்த லேப்டாப் என்றால், தொடர்பைத் துண்டித்ததும் ஐடி பிரிவுக்குப் போன் செய்யுங்கள். மற்ற படிகளை நீங்களாகச் செய்யாதீர்கள்.

## 2. முதல் ஒரு மணி நேரம்: வேறு கருவியிலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள்

ஃபைல்கள் போன பதற்றத்தில் இதைப் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். STOP/Djvu பல நேரம் தனியாக வருவதில்லை. விடார், அசோரல்ட் போன்ற தகவல் திருடும் நிரல்களையும் கூட்டிவருகிறது. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், லாகின் குக்கீகள், கிரிப்டோ வாலெட் விவரங்கள் எல்லாவற்றையும் அவை அனுப்பிவிடும். பணம் கேட்கும் அந்த மீட்புக் குறிப்பை நீங்கள் படிக்கும்போது அந்த வேலை முடிந்திருக்கக்கூடும்.

சரி, எதை முதலில் மாற்றுவது? முதலில் மின்னஞ்சல், ஏனென்றால் மற்ற எல்லாக் கணக்குகளையும் மீட்கும் வழி அதுதான். அடுத்து வங்கி, பணப் பரிமாற்றச் செயலிகள். அதன்பின் சமூக ஊடகங்கள். பாஸ்வேர்டை மட்டும் மாற்றினால் போதாது. "எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு" என்ற வசதியைத் தேடி அழுத்துங்கள். குக்கீ திருடு போயிருந்தால் பாஸ்வேர்டு இல்லாமலேயே உள்ளே நுழைய முடியும். மின்னஞ்சல் அமைப்புகளில், உங்களுக்குத் தெரியாத முகவரிக்கு அஞ்சல்களைத் திருப்பிவிடும் விதி ஏதாவது சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் போட்டுவிடுங்கள்.

இவை எல்லாவற்றையும் போனிலோ வேறு கணினியிலோதான் செய்ய வேண்டும். பாதிக்கப்பட்ட லேப்டாப்பில் புதிய பாஸ்வேர்டைத் தட்டச்சு செய்தால் அதையும் கொடுத்ததாகிவிடும்.

## 3. செய்யக்கூடாதவை

அடுத்த படிகளுக்குப் போகுமுன் இதைப் படித்துவிடுங்கள். கை துறுதுறுக்கும் நேரம் இதுதான்.

ஆன்டிவைரஸை ஓட்டிச் சுத்தம் செய்யாதீர்கள். அதற்கு நேரம் வரும். இப்போது ஓட்டினால், மீட்புக் குறிப்பையும் ரான்சம்வேர் நிரலையும் அது நீக்கிவிடலாம். குடும்பத்தை அடையாளம் காண அவை வேண்டும். நிரலை நீக்கினாலும் பூட்டிய ஃபைல்கள் திறக்கப்போவதில்லை.

ஃபார்மேட் செய்யாதீர்கள், ஃபைல்களின் பெயரை மாற்றாதீர்கள். வாலை வெட்டி `.jpg` என்று மாற்றினால் திறக்கும் என்று யாராவது சொல்வார்கள். திறக்காது. பூட்டு பெயரில் இல்லை, உள்ளடக்கத்தில் இருக்கிறது. பெயர் மாறிய பிறகு, எது எந்த வகை என்று கண்டுபிடிப்பதுதான் உங்களுக்குக் கூடுதல் வேலை.

வாலின் பெயரைத் தேடுபொறியில் போட்டு, பூட்டைத் திறக்கும் கருவி என்று கிடைத்த "டிக்ரிப்டரை" இறக்காதீர்கள். அந்தத் தேடலில் முன்னால் வரும் பக்கங்கள் பல, உங்கள் பதற்றத்தை நம்பி எழுதப்பட்டவை. 2020-ல் சோராப் என்ற ரான்சம்வேர், STOP/Djvu-வைத் திறக்கும் கருவி என்று வேஷம் போட்டே பரவியது. அதை ஓட்டியவர்களின் ஃபைல்கள் இரண்டாவது முறையும் பூட்டப்பட்டன. பூட்டுக்கு மேல் பூட்டு.

"100% மீட்டுத் தருகிறோம்" என்பவருக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். திறவுகோல் குற்றவாளிகளிடம் மட்டும் இருக்கும்போது, ஒரு மீட்பு நிபுணர் செய்யக்கூடியது உங்கள் பணத்தில் ஒரு பகுதியை அவர்களுக்குக் கொடுத்து மீதியை வைத்துக்கொள்வதுதான். எந்த முறையில் மீட்பீர்கள் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் போனை வைத்துவிடுங்கள்.

72 மணி நேரக் கெடுவைப் பார்த்துப் பணம் அனுப்பாதீர்கள். அந்தக் கெடு உங்களை யோசிக்கவிடாமல் செய்வதற்கு. கொடுத்தாலும் திறவுகோல் வரும் என்று உத்தரவாதம் இல்லை. கொடுக்கத் தயாரான ஆள் என்று தெரிந்ததும் இன்னும் கேட்பதுண்டு. குறிப்பிலுள்ள முகவரிக்கு "கொஞ்சம் குறைக்க முடியுமா" என்று ஒரு மின்னஞ்சல்கூட முதல் நாளில் அனுப்ப வேண்டாம். இலவச வழிகள் இருக்கின்றனவா என்று முதலில் தெரிய வேண்டும்.

## 4. ஆதாரங்களைச் சேகரியுங்கள்

போனில் படம் எடுத்தாலே போதும், லேப்டாப்பில் எதையும் செருக வேண்டாம். லேப்டாப்பை அணைத்துவிட்டிருந்தால் விண்டோஸை மறுபடி திறக்காமல், 5-வது படியில் லினக்ஸில் தொடங்கிய பிறகு இதைச் செய்யுங்கள். எடுக்க வேண்டியவை: மீட்புக் குறிப்பு முழுவதும், கடைசி வரியிலுள்ள பர்சனல் ஐடி எழுத்து பிசகாமல் தெரியும்படி, பூட்டிய ஃபைல்கள் இருக்கும் ஒரு ஃபோல்டர், புதிய வாலும் மாற்றப்பட்ட நேரமும் தெரியும்படி, பிறகு `C:\SystemID\PersonalID.txt` என்ற ஃபைலைத் திறந்து அதன் உள்ளடக்கம்.

இந்தக் கடைசி ஃபைலைப் பற்றிப் பலருக்குத் தெரியாது. மீட்புக் குறிப்பில் ஒரு ஐடிதான் இருக்கும். `PersonalID.txt`-ல் ஒன்றுக்கு மேற்பட்டவை இருக்கலாம். எனக்கு இரண்டு இருந்தன.

அப்புறம் ஒரு தாளில் காலவரிசையை எழுதிவையுங்கள்: எதை எப்போது இறக்கினீர்கள், எந்தத் தளத்திலிருந்து, எத்தனை மணிக்கு முதல் மாற்றத்தைக் கண்டீர்கள், என்னவெல்லாம் செருகியிருந்தது. சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுக்கும்போது இந்தப் படங்களையும் இந்தத் தாளையும்தான் கேட்பார்கள். லேப்டாப் வாங்கிய ரசீதும், காப்பீடு இருந்தால் அதன் ஆவணமும் சேர்த்துக்கொள்ளுங்கள். புகாரால் ஃபைல்கள் திரும்புமா என்றால், நேரடியாக இல்லை. ஆனால் திருடுபோன பாஸ்வேர்டை வைத்து நாளை உங்கள் கணக்கில் ஏதாவது நடந்தால், முன்பே புகார் செய்த அத்தாட்சி பெரிய துணை. எண்ணோடு கூடிய ஒப்புகையைக் கேட்டு வாங்குங்கள்.

## 5. பூட்டிய டிஸ்க்கைப் பிரதி எடுங்கள்

இந்த முழு வேலையில் கட்டாயமாகப் பணம் செலவாகும் இடம் இதுதான். லேப்டாப் டிஸ்க்கைவிடப் பெரிய ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கும் 8 ஜிபி அல்லது அதற்கு மேலான இரண்டு பென் டிரைவ்களும் வேண்டும். ஒரு பென் டிரைவ் இப்போது, மற்றொன்று 8-வது படியில்.

பூட்டிய ஃபைல்களை எதற்காகப் பத்திரப்படுத்த வேண்டும்? இன்று திறக்க முடியாதது ஆறு மாதம் கழித்துத் திறக்கலாம். திறவுகோல்கள் பின்னால் வெளிவருவது உண்டு. அப்போது ஃபைல்கள் உங்களிடம் இருக்க வேண்டும்.

லேப்டாப்பின் விண்டோஸைத் திறந்து பிரதி எடுக்காதீர்கள். வெளி டிஸ்க்கைச் செருகிய உடனே அதுவும் பாதிக்கப்படும். சுத்தமான வேறு கணினியில், நிறுவாமலேயே லினக்ஸை ஓட்டும் ஒரு லைவ் பென் டிரைவ் தயார் செய்து, அதிலிருந்து லேப்டாப்பைத் தொடங்குங்கள். விண்டோஸே ஓடாததால் ரான்சம்வேரும் ஓடாது. அந்த நிலையில் வெளி டிஸ்க்கைச் செருகலாம்.

```
lsblk -o NAME,SIZE,MODEL,MOUNTPOINT
sudo dd if=/dev/nvme0n1 of=/media/disk/laptop.img bs=4M status=progress
```

முதல் வரி டிஸ்க்குகளின் பெயரையும் அளவையும் இணைந்திருக்கும் பாதையையும் காட்டும். இரண்டாவது வரியில் `if` என்பது மூலம், `of` என்பது போய்ச்சேரும் இடம். இரண்டையும் மாற்றிப் போட்டால் லேப்டாப் டிஸ்க் அழிந்துவிடலாம். அளவைப் பார்த்து உறுதி செய்த பிறகே எண்டர் தட்டுங்கள். உங்கள் டிஸ்க்கின் பெயர் `sda` என்றும் இருக்கலாம். வெளி டிஸ்க் எந்தப் பாதையில் இணைந்திருக்கிறது என்பதையும் பார்த்து `/media/disk` என்ற இடத்தில் அதைப் போடுங்கள். கட்டளை பயமாக இருந்தால், தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துச் செய்யுங்கள்.

இரண்டு பொறிகள். வெளி டிஸ்க் `FAT32` முறையில் இருந்தால் 4 ஜிபியில் பிரதி நின்றுவிடும். `exFAT` அல்லது `NTFS`-ஆக இருக்க வேண்டும். இரண்டாவது, விண்டோஸே டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் வசதியான பிட்லாக்கர் லேப்டாப்பில் இயங்கினால் 48 இலக்க மீட்பு எண் இல்லாமல் அந்தப் பிரதி பயன்படாது. போனிலிருந்து உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, அந்த எண்ணை எழுதிவைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

நேரக் கணக்கு: நொடிக்கு 100 எம்பி வேகம் கிடைத்தால் 500 ஜிபிக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். பழைய யுஎஸ்பி 2 துளையில் செருகினால் நான்கு மணி நேரம் தாண்டும்.

## 6. எந்த ரான்சம்வேர், எந்த வகைத் திறவுகோல்?

சுத்தமான கணினியில் இரண்டு தளங்களைத் திறங்கள். ஒன்று `id-ransomware.malwarehunterteam.com`. மற்றொன்று `nomoreransom.org`, யூரோபோல், நெதர்லாந்துக் காவல்துறை, இரண்டு பாதுகாப்பு நிறுவனங்கள் சேர்ந்து 2016-ல் தொடங்கியது. இரண்டும் இலவசம். மீட்புக் குறிப்பையும் பூட்டிய ஒரு ஃபைலையும் ஏற்றினால் குடும்பத்தின் பெயரைச் சொல்லும். அடையாள அட்டை, வங்கி அறிக்கை போன்றவற்றை ஏற்றாதீர்கள். யார் பார்த்தாலும் பரவாயில்லை என்ற ஒரு படத்தைத் தேர்ந்தெடுங்கள்.

பதில் STOP/Djvu என்று வந்தால் அடுத்த கேள்வி ஒன்றே ஒன்று: உங்கள் ஐடி எப்படி முடிகிறது?

பூட்டத் தொடங்குமுன் இந்த நிரல் தன் சர்வரைத் தொடர்பு கொள்ளப் பார்க்கும். தொடர்பு கிடைத்தால், உங்களுக்கென்றே தனியாக ஒரு திறவுகோல் அங்கே உருவாகும். இதுதான் ஆன்லைன் கீ. அது குற்றவாளிகளிடம் மட்டுமே இருக்கும். தொடர்பு கிடைக்காவிட்டால், நிரலுக்குள்ளேயே வைத்திருக்கும் பொதுத் திறவுகோலைப் பயன்படுத்தும். இது ஆஃப்லைன் கீ. ஒரே வகை வால் ஒட்டிய, ஆஃப்லைனில் பூட்டப்பட்ட எல்லாருக்கும் இது ஒன்றுதான். யாரோ ஒருவர் பணம் கொடுத்துத் திறவுகோலை வாங்கி ஆய்வாளர்களிடம் பகிர்ந்துகொண்டால் மற்ற அத்தனை பேருக்கும் திறக்கும். ஐடி `t1` என்று முடிந்தால் ஆஃப்லைன். வேறு எப்படி முடிந்தாலும் ஆன்லைன்.

என் கதைக்கு வருகிறேன். என் `PersonalID.txt`-ல் இருந்த முதல் ஐடி `t1` என்று முடிந்தது. இரவு நிரல் ஓடிய நேரத்தில் அதற்குத் தன் சர்வர் கிடைக்கவில்லை. இரண்டாவது ஐடி அப்படி முடியவில்லை. காலையில் வைஃபையோடு லேப்டாப்பைத் திறந்து பேக்கப் டிஸ்க்கைச் செருகியபோது சர்வர் கிடைத்துவிட்டது. அந்த டிஸ்க் முழுவதும் ஆன்லைன் கீயால் பூட்டப்பட்டது. இரவே வைஃபையை அணைத்து, எதையும் செருகாமல் விட்டிருந்தால் எனக்கு இழப்பே இருந்திருக்காது.

## 7. திறந்து பார்க்கும் முயற்சி

STOP/Djvu-வுக்கு எம்சிசாஃப்ட் நிறுவனம் 2019-ல் ஒரு இலவசக் கருவியை வெளியிட்டது. நோ மோர் ரான்சம் தளம் காட்டும் இணைப்பு வழியாகவே இறக்குங்கள். சுத்தமான கணினியில், பிரதியிலிருந்து ஒரு சின்ன ஃபோல்டரை மட்டும் நகலெடுத்து அதில் ஓட்டுங்கள். இணையம் இருக்க வேண்டும். திறவுகோல்களைக் கருவி தன் சர்வரிலிருந்துதான் எடுக்கிறது.

மூன்று விதமான விளைவு வரலாம். ஃபைல்கள் திறந்துவிட்டால் நல்லது. ஆஃப்லைன் ஐடி, ஆனால் திறவுகோல் இன்னும் இல்லை, வருங்காலத்தில் கிடைக்கலாம் என்று வந்தால் காத்திருக்க வேண்டும். ஆன்லைன் ஐடி, விடுவிப்பது இயலாது என்று வந்தால் அந்தக் கருவியால் முடியாது. வேறு எவராவது முடியும் என்று சொன்னால் நம்பாதீர்கள்.

எனக்கு இரண்டாவது விளைவு வந்தது. மாதத்துக்கு ஒரு முறை அதே சின்ன ஃபோல்டரை வைத்து ஓட்டிப் பார்த்தேன். நான்காவது மாதம் திறந்தது. முழு டிஸ்க்குக்கும் ஓட்டுமுன் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பூட்டிய ஃபைலையும் வைத்துக்கொள்ளும் தேர்வு கருவியில் ஏற்கெனவே போடப்பட்டிருக்கும், அதை எடுத்துவிடாதீர்கள். ஆகவே இரண்டு மடங்கு இடம் வேண்டும். திறந்தவற்றில் பல வகை ஃபைல்களைக் கையால் திறந்து பார்த்த பிறகுதான் பூட்டியவற்றை நீக்க வேண்டும்.

ஆன்லைன் கீ என்றாலும் முழுதாகக் கைவிட வேண்டியதில்லை. வேகமாக முடிப்பதற்காக இந்த நிரல் ஒவ்வொரு ஃபைலிலும் முதல் 150 கேபி அளவைத்தான் பூட்டுகிறது. ஒரு வேர்ட் ஆவணத்துக்கு அது பெரும்பாலும் முழு ஃபைல். 300 எம்பி வீடியோவுக்கு அது தலைப்பகுதி மட்டுமே. டிஸ்க்டூனா தளத்தின் `Media_Repair` என்ற இலவசக் கருவி, அதே கேமராவில் அதே அமைப்பில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரியாக வைத்து, உடைந்த தலைப்பகுதியைச் சீர்செய்யும். தொடக்கத்தில் கொஞ்சம் போகும், மீதி ஓடும். என் பேக்கப் டிஸ்க்கிலிருந்த வீடியோக்களில் பலவற்றை இப்படி எடுத்தேன். பெரிய ஜிப் ஃபைல்களிலும் முதலில் இருக்கும் ஃபைல்கள் கெட்டிருக்கும், மற்றவற்றைப் பல நேரம் பிரித்தெடுக்க முடியும். அதன் உள்ளடக்கப் பட்டியல் ஜிப்பின் கடைசியில் இருப்பதுதான் காரணம்.

இவற்றோடு, மேகச் சேமிப்பையும் பாருங்கள். இதில் காலக்கெடு உண்டு. கூகுள் டிரைவில் பழைய பதிப்புகளும் குப்பைத்தொட்டியில் இருப்பவையும் பொதுவாக 30 நாளே இருக்கும். ஒன்டிரைவின் முழு மீட்பு வசதி கடந்த 30 நாள் வரைக்கும்தான் பின்னோக்கிப் போகும். அதற்கு மைக்ரோசாஃப்ட் 365 சந்தா வேண்டும். பெயர் மாறியதால் பூட்டியது புதிய ஃபைலாகவும், உங்கள் அசல் நீக்கப்பட்டதாகவும் பதிவாகியிருக்கலாம். பதிப்பு வரலாற்றில் இல்லை என்றால் குப்பைத்தொட்டியிலும் தேடுங்கள். போனிலிருந்தோ பிரவுசரிலிருந்தோ செய்யுங்கள், பாதிக்கப்பட்ட லேப்டாப்பை மேகத்தோடு இணைக்க வேண்டாம். அனுப்பிய மின்னஞ்சல்களின் இணைப்புகளையும், நண்பர்களுக்கு அனுப்பிய படங்களையும் ஒரு சுற்று தேடுங்கள். நான் இழந்ததாக நினைத்த சான்றிதழ்களில் பெரும்பாலானவை என் அனுப்பிய அஞ்சல்களிலேயே இருந்தன.

## 8. லேப்டாப்பை மறுபடி பயன்பாட்டுக்குக் கொண்டுவருவது

பிரதி எடுத்து, அது இன்னொரு கணினியில் திறக்கிறது என்று உறுதியான பிறகு மட்டும் இந்தப் படி.

ஆன்டிவைரஸால் நிரலை நீக்கிவிட்டு அதே விண்டோஸில் தொடரலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம் என்பேன். ரான்சம்வேரோடு வேறு எது வந்தது என்பது உங்களுக்குத் தெரியாது. இந்த நிரல் விண்டோஸின் `hosts` ஃபைலில் வரிகளைச் சேர்த்து, பாதுகாப்புத் தளங்கள் திறக்காதபடியும் செய்துவிடுகிறது. உதவி தேடும்போது குறிப்பிட்ட தளங்கள் மட்டும் திறக்கவில்லை என்றால் காரணம் இதுவாக இருக்கலாம்.

சுத்தமான கணினியில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து விண்டோஸ் நிறுவும் பென் டிரைவைத் தயார் செய்யுங்கள். லேப்டாப்பில் அதை நிறுவும்போது, டிஸ்க்கிலுள்ள எல்லாப் பிரிவுகளையும் நீக்கிவிட்டுக் காலியான இடத்தில் நிறுவுங்கள். "என் ஃபைல்களை வைத்துக்கொள்" என்ற ரீசெட் வழி போதாது. டிஜிட்டல் உரிமம் லேப்டாப்போடு இணைந்திருந்தால் இணையத்தில் சேர்ந்ததும் விண்டோஸ் தானாகச் செயல்படும். மறுபடி வாங்க வேண்டியதில்லை. இந்தப் படிக்கு அப்டேட்டுகளோடு சேர்த்து அரை நாள் ஒதுக்குங்கள்.

மீட்ட ஃபைல்களைத் திரும்பக் கொண்டுவரும்போது ஆவணங்கள், படங்கள், வீடியோக்கள் மட்டும் எடுங்கள். பழைய டவுன்லோட் ஃபோல்டரிலிருந்து `.exe`, `.msi` எதையும் எடுக்காதீர்கள். எந்த ஃபைல் இதைக் கொண்டுவந்ததோ அது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

திறக்காத ஃபைல்கள் மிஞ்சினால், அந்த டிஸ்க்கில் மீட்புக் குறிப்பையும் `SystemID` ஃபோல்டரையும் சேர்த்து வைத்து, வெளியே ஒரு தாளில் குடும்பத்தின் பெயர், வால், ஐடி, தேதி எழுதி ஒட்டுங்கள். என் பேக்கப் டிஸ்க் அப்படித்தான் அலமாரியில் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை நோ மோர் ரான்சம் தளத்தில் புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்க்கிறேன்.